குதிக்கால் நோகிற பிள்ளை நடிக்கவில்லை

முதலாம் தவணை தொடங்கியதும் வடக்கின் பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டிகளுக்கான பயிற்சிகள் ஆரம்பித்துவிடும். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு விழும். இல்லங்கள் சோடனைக்குக் கம்பும் கிடுகும் தேடும். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் காலையிலும் பின்னேரத்திலும் ஓடுவார்கள். இரண்டு மூன்று கிழமை கழிந்ததும், அதுவரை துள்ளித் திரிந்த ஒரு பிள்ளை முன்பாதத்தை மட்டும் ஊன்றி விந்தி விந்தி வீட்டுக்கு வருவதைக் காணலாம். கேட்டால் “குதிக்கால் நோகுது” என்பான். குதிக்காலைப் பார்த்தால் வீக்கமில்லை, காயமில்லை, சிவப்புமில்லை. அடுத்த நாள் காலையில் சாதாரணமாக நடப்பான். பின்னேரம் ஓடவிட்டால் மறுபடியும் விந்துவான். இதைக் கண்ட பெரியவர்களில் பாதிப்பேர் “பஞ்சியில் நடிக்கிறான்” என்பார்கள். மற்றப் பாதிப்பேர் ஏதோ பெரிய வருத்தம் என்று அஞ்சி வைத்தியசாலை வைத்தியசாலையாக அலைவார்கள்.

இரண்டுமே பிழை என்பது என் கருத்து. பிழையான அந்த இரண்டு வழிகளிலும் துன்பப்படுவது பிள்ளைதான். கண்டாவளையில் நான் அருகிருந்து பார்த்த ஒரு பையனின் கதையைக் கொண்டே இதைச் சொல்ல விரும்புகிறேன். அதற்கு முன், அந்தக் குதிக்காலுக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பெரியவர்களின் குதிக்கால் எலும்பு ஒரே எலும்பு. வளரும் பிள்ளையின் குதிக்கால் அப்படியல்ல. எலும்பின் பின்பக்கத்தில் பிறை வடிவில் இன்னொரு சிறிய எலும்புத் துண்டு தனியாக உருவாகி வளர்கிறது. அதற்கும் பெரிய எலும்புக்கும் இடையில் மென்மையான குருத்தெலும்புப் படை ஒன்று இருக்கிறது. அதை வளர்தகடு என்பார்கள். கெண்டைக்கால் தசையிலிருந்து இறங்கும் தடித்த தசைநாண் இந்தப் பிறைத் துண்டில்தான் வந்து பற்றுகிறது. பாதத்தின் அடியிலுள்ள இழைப்பட்டையும் அதன் கீழ்ப்புறத்தில்தான் பற்றுகிறது. ஆக, மேலே ஒருவர் இழுக்கிறார், கீழே இன்னொருவர் இழுக்கிறார், ஒவ்வொரு அடியிலும் நிலம் வேறு இடிக்கிறது. எல்லாவற்றையும் தாங்குவது இன்னும் முற்றாத ஒரு குருத்தெலும்பு.

வளர்ச்சி வேகமெடுக்கும் மாதங்களில் கால் எலும்பு முந்தி நீள்கிறது. தசையும் தசைநாணும் சற்றுப் பிந்தியே அதற்கு ஈடு கொடுக்கின்றன. அந்த இடைவெளியில் கெண்டைக்கால் கயிறு முறுகியதுபோல் இறுகி நின்று, வளர்தகட்டை மேலும் இழுக்கிறது. அதே மாதங்களில் பிள்ளையை நாள்தோறும் ஓடவும் பாயவும் விட்டால் தகடு புண்படுகிறது. நோவுக்குக் காரணம் இவ்வளவுதான். பெண் பிள்ளைகளுக்கு எட்டு வயது முதல் பதின்மூன்று வரையிலும், ஆண் பிள்ளைகளுக்குப் பத்து முதல் பதினைந்து வரையிலும் இது பொதுவாக வரும். பதினைந்து வயதளவில் பிறைத் துண்டு பெரிய எலும்போடு ஒட்டி ஒரே எலும்பாகிவிடும். அதற்குப் பிறகு இந்த நோவுக்கு அங்கே இடமே இல்லை.

அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்து எலும்பு வைத்தியர் ஜேம்ஸ் வாரன் செவர் 1912 இல் இதைப் பற்றி எழுதினார். அதனால் இன்றும் வைத்தியர்கள் இதைச் ‘செவர் நோய்’ என்கிறார்கள். ‘நோய்’ என்ற அந்தச் சொல் செய்திருக்கும் கெடுதி கொஞ்சமல்ல. மருத்துவச் சீட்டில் அந்தச் சொல்லைக் கண்ட தாய்மார் அழுததை நான் அறிவேன். இது தொற்றுவதும் அல்ல, பரம்பரையாக வருவதும் அல்ல, எலும்பை அரிப்பதும் அல்ல. வளர்ச்சியும் சுமையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் மோதிக்கொள்வதன் விளைவு.

இனிக் கண்டாவளைக்கு வருவோம். ஏ9 வீதியில் பரந்தன் சந்தியில் முல்லைத்தீவு வீதிக்குத் திரும்பினால் முரசுமோட்டை வரும். அந்தப் பக்கத்து ஊர்தான் கண்டாவளை. இரணைமடுத் தண்ணீரை நம்பிய வயல் பூமி. மண்ணின் குணத்தை இங்கே சொல்லத்தான் வேண்டும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மழை பெய்தால் மைதானம் சேறும் தண்ணீருமாகக் கிடக்கும். அந்தச் சேற்றில் மாடுகள் நடக்கும். மழை விட்டு வெயில் ஏற ஏற அந்த ஈரமண் இறுகும். மாட்டுக் குளம்படிகள் அப்படியே கல்லாகி நிற்கும். விளையாட்டுப் போட்டிக் காலம் சரியாக இந்த இறுகும் காலத்தோடுதான் வந்து பொருந்துகிறது.

பையன் எனக்குத் தங்கை முறையான ஒருவரின் பேரன். வயது பதினொன்று, தரம் ஆறு. முந்திய ஆண்டு முழுவதும் புலமைப்பரிசில் பரீட்சைக்காகப் பாடசாலை, ரியூசன், வீட்டு மேசை என்று இருந்தவன். பரீட்சை முடிந்து சில கிழமைகளில் மழை தொடங்கிவிட்டது. ஆக, ஒரு வருடத்துக்கு மேலாகக் கால்களுக்குப் பெரிய வேலை எதுவும் இல்லை. ஆனால் கால்கள் வளர்ந்திருந்தன. வீட்டுக் கதவு நிலையில் பென்சிலால் குறித்து வைத்திருந்த கோடுகளை அளந்து பார்த்தோம். ஆறு மாதத்தில் நாலு சென்ரிமீற்றர் உயர்ந்திருந்தான்.

தங்கை தொலைபேசியில் சொன்னது இது: “அண்ணை, பொடியன் குதிக்கால் நோகுது எண்டு அழுறான். வாத்தியார் நடிக்கிறான் எண்டு சொல்லுறாராம். எனக்கு எண்டால் அவன் நடிக்கிற மாதிரித் தெரியேல்லை. ஓட்டம் எண்டால் அவனுக்கு உயிர்.”

ஓட்டம் உயிராக இருக்கிற பிள்ளை ஓட்டத்தைத் தவிர்க்க நடிப்பானா? அந்த ஒரு கேள்வியைக்கூட யாரும் கேட்கவில்லை. இந்த நோவு பெரும்பாலும் வருவது மைதானத்தை விட்டு வர மனமில்லாத பிள்ளைகளுக்குத்தான். மூலையில் ஒதுங்கி இருக்கிற பிள்ளைக்கு அவ்வளவாக வருவதில்லை.

நான் அங்கே போன நாளில் அவனை இருத்தி வைத்து ஒரு கிழமைக் கணக்கு எடுத்தேன். நிருபர் வேலை செய்தவனுக்கு வேறென்ன தெரியும், கேட்டு எழுதுவதைத் தவிர. காலையில் அணிநடைப் பயிற்சி இருபது நிமிடம். பிறகு நூறு மீற்றர் ஓட்டம் ஆறு அல்லது ஏழு தடவை. நீளம் பாய்தலுக்குப் பத்துப் பன்னிரண்டு பாய்ச்சல். இது கிழமையில் ஐந்து நாள். பின்னேரம் ஒழுங்கையில் ஒரு மணித்தியாலம் வெறுங்காலோடு உதைபந்தாட்டம். சனிக்கிழமை துடுப்பாட்டம். ஓய்வு நாள் ஞாயிறு மட்டும், அதுவும் கோயிலடியில் விளையாட்டு இல்லாவிட்டால்தான். இவற்றையெல்லாம் அவன் தொடங்கியது ஒரே கிழமையில். ஒரு வருடம் சும்மா இருந்த, திடீரென வளர்ந்த கால் அது. நோவு தொடங்கியது மூன்றாம் கிழமையில்.

இந்தக் கணக்கில் பலர் கவனிக்காமல் விடுவது அணிநடையை. ஓட்டத்தில் பிள்ளை முன்பாதத்தாலும் ஓடலாம். அணிநடையிலோ குதிக்காலை நிலத்தில் அறைந்து ஊன்றச் சொல்கிறார்கள். நிற்கும்போதும் திரும்பும்போதும் காலைத் தூக்கி இடிக்கச் சொல்கிறார்கள். சத்தம் கேட்டால்தான் இல்லத்துக்குப் புள்ளி. இறுகிய களிமண்ணில், மெல்லிய அடி கொண்ட வெள்ளைச் சப்பாத்தோடு, ஒரு காலையில் நூற்றுக்கணக்கான இடி. அவனிடம் “எப்ப கூட நோகும்?” என்று கேட்டபோது, “லெப்ட் றைட் அடிக்கேக்கை” என்றான்.

நான் போவதற்கு முன்பே அவனுக்கு இரண்டு வைத்தியம் நடந்திருந்தது. ஒன்று அம்மம்மாவின் வைத்தியம். செங்கல்லைச் சூடாக்கி, அதன்மேல் எருக்கிலையைப் பரப்பி, குதிக்காலை ஊன்றி எடுப்பது. நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பெரியவர்களின் குதிக்கால் வாதத்துக்குச் செய்யப்படுவது. நான் அதை இகழவில்லை, இளஞ்சூடு பெரியவர்களுக்கு இதமாகத்தான் இருக்கும். ஆனால் பெரியவர்களுக்கு நோவது பாதத்தின் அடியிலுள்ள பட்டை. காலையில் படுக்கையை விட்டு இறங்கும் முதல் அடியில் உயிர் போகும், நடக்க நடக்கக் குறையும். பிள்ளைக்கு நோவது பின்னாலுள்ள வளர்தகடு. காலையில் குறைவாக இருக்கும், ஓட ஓடக் கூடும். இரண்டும் வேறு. சூட்டுக்கு இங்கே பெரிய வேலையில்லை. பொறுக்கக்கூடிய சூடு எது என்று பிள்ளைக்குச் சொல்லத் தெரியாததால் தோல் வெந்துபோகும் ஆபத்துத்தான் மிச்சம். விளையாடி வந்தபின் துணியில் சுற்றிய ஐஸ்கட்டியைப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்தால் அவனுக்கு நோவு தணியும். ஐஸ் இல்லாத வீட்டில் கிணற்றுத் தண்ணீரில் நனைத்த துணி போதும்.

மற்றது எக்ஸ்றே. எங்கோ ஒரு தனியார் இடத்தில் எடுத்திருந்தார்கள். படத்தில் அந்தப் பிறைத் துண்டு தனியாகத் தெரிந்தது. அதுவும் இரண்டாகப் பிளந்தாற்போல, சுற்றியுள்ள எலும்பைவிடக் கூடிய வெண்மையாக. பார்த்தவர் ஒருவர் “எலும்பு துண்டாகி இருக்கு” என்று சொல்லிவிட்டார். வன்னியில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று விளக்க வேண்டியதில்லை. 2009 வரை எக்ஸ்றே என்றால் உடைந்த எலும்பையும் உள்ளே தங்கிய செல் துண்டையும் தேடுவதற்கு என்றிருந்த ஊர் இது. போருக்குப் பின் பிறந்த பிள்ளையின் படத்தைப் பார்த்தும் அம்மம்மாவுக்கு நடுங்கியது.

பதினொரு வயதுப் பிள்ளையின் குதிக்கால் படத்தில் அந்தத் துண்டு தனியாகத் தெரியத்தான் வேண்டும். அது பிளந்தாற்போலவும் அடர் வெண்மையாகவும் தெரிவது எந்த நோவும் இல்லாத பிள்ளைகளிலும் சாதாரணம். நோகாத மற்றக் காலை எடுத்திருந்தாலும் அதே படம்தான் வந்திருக்கும். ஆகவே இந்த நோவை எக்ஸ்றேயால் உறுதிப்படுத்த முடியாது. வேறு ஏதாவது இருக்கிறதோ என்ற சந்தேகம் வரும்போது, அந்த வேறொன்றை விலக்குவதற்கே அது பயன்படும். படத்தைக் காட்டிக் காலுக்குப் பிளாஸ்ரர் போட்டு ஒரு மாதம் படுக்க வைப்பது, குதிக்காலில் ஊசி ஏற்றுவது போன்றவற்றுக்கு யாரேனும் அவசரப்படுத்தினால், என்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரைப் பார்க்காமல் சம்மதிக்க வேண்டாம்.

உறுதிப்படுத்துவது கைவிரல்களால். பிள்ளையைக் குப்புறப் படுக்கவோ கதிரையில் முழங்காலூன்றவோ விட்டு, குதிக்காலின் பின்பகுதியை இரு பக்கங்களிலிருந்தும் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் மெல்ல அமுக்க வேண்டும். அடியை அல்ல, பக்கங்களை. இந்த நோவுள்ள பிள்ளை சட்டென்று காலை இழுத்துக்கொள்வான். கவனத்தை வேறெங்கோ திருப்பிவிட்டு அமுக்கினாலும் இழுப்பான். நடிப்பு என்று சொல்பவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். அத்தோடு முழங்காலை நீட்டி வைத்துப் பாதத்தை மேல்நோக்கி மடக்கிப் பார்த்தால், கெண்டைக்கால் இறுக்கத்தால் அது அதிகம் மடங்காது. நம் பையனிடம் இரண்டும் இருந்தன. இரு கால்களிலும் இருந்தன, வலது காலில் கூடுதலாக.

இனிச் சப்பாத்து விசயம். இந்தக் கட்டுரையை எழுத என்னைத் தூண்டியதே அதுதான். பையனின் மாமா கனடாவில் இருக்கிறார். செய்தி ரொறன்ரோவுக்குப் போனதும் இரண்டு சோடி சப்பாத்து அனுப்புவதாகச் சொன்னார். ஒன்று விலை கூடிய ஓட்டச் சப்பாத்து, மற்றது அடியில் குமிழ்கள் கொண்ட உதைபந்தாட்டச் சப்பாத்து. “மருமகன் வெறுங்காலோடை ஓடினால் நோகாமல் என்ன செய்யும்?” என்பது அவருடைய வாதம். புலம்பெயர்ந்த உறவினர்களின் அன்பு பெரும்பாலும் பொதியாகத்தான் வந்து சேருகிறது. அதைக் குறை சொல்வதற்கு நான் யார்? ஆனால் இந்த நோவுக்கு விலை கூடிய சப்பாத்து மருந்தல்ல. இதை அவரிடமே சொன்னேன்.

அவுஸ்திரேலியாவில் இந்த நோவுள்ள பிள்ளைகளைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று 2016 இல் வெளியானது. சிலருக்குப் புதிய விளையாட்டுச் சப்பாத்து, சிலருக்குப் பழையதே. அதேபோல் சிலருக்குச் சப்பாத்துக்குள் குதிக்காலை உயர்த்தும் சாதாரணத் துண்டு, சிலருக்குப் பாதம் முழுவதற்குமான அச்சு உட்தகடு. முதல் இரண்டு மாதங்களில் உட்தகட்டைவிடச் சாதாரண உயர்த்தும் துண்டே கூடிய சுகம் தந்தது. ஓராண்டு கழிந்து பார்த்தபோது எந்தத் துண்டுக்கும் எந்தச் சப்பாத்துக்கும் தனி மேன்மை இருக்கவில்லை. அதே ஆண்டில் நெதர்லாந்தில் வெளியான ஆய்வு, காத்திருத்தல், குதிக்காலை உயர்த்துதல், இயன்மருத்துவப் பயிற்சி என்ற மூன்றையும் ஒப்பிட்டது. மூன்று மாதத்தில் மூன்று குழுவினருக்குமே நோவு நன்றாகக் குறைந்துவிட்டது.

இவற்றிலிருந்து நான் விளங்கிக்கொள்வது, மாறாத பிள்ளை என்று ஏறக்குறைய இல்லை என்பதுதான். நாம் செய்யக்கூடியது அந்த முதல் ஒன்றிரண்டு மாதங்களின் வேதனையைக் குறைப்பது. அதற்கு வேண்டியது 6 முதல் 12 மில்லிமீற்றர் வரை குதிக்காலை உயர்த்தும் ஒரு துண்டு. குதிக்கால் சற்று உயர்ந்தால் கெண்டைக்கால் தசைநாண் அந்தளவுக்குத் தளர்கிறது, வளர்தகட்டின் மேலுள்ள இழுவை குறைகிறது.

கண்டாவளையில் நாங்கள் செய்தது இது. அறுந்துபோன பாட்டாச் செருப்பொன்றின் குதிக்கால் பகுதியை வெட்டி எடுத்தோம். பின்பக்கம் ஏறக்குறைய 8 மில்லிமீற்றர் இருக்கும்படியும், முன்னே வர வர மெலிந்து ஒன்றுமில்லாமல் போகும்படியும் கத்தியால் சீவினோம். முன்விளிம்பு படியாக நின்றால் பாதத்தை வெட்டும், அதனால் சரிவு முக்கியம். சப்பாத்தின் உள்விரிப்பைத் தூக்கி அதன் கீழ் வைத்தோம். வலது காலில்தான் நோவு கூட என்றாலும் இரண்டு சப்பாத்துக்கும் வைத்தோம். ஒரு காலுக்கு மட்டும் வைத்தால் அந்தக் கால் நீண்டதுபோலாகி இடுப்பும் முழங்காலும் முறைப்பாடு செய்யத் தொடங்கும். மருந்துக் கடைகளில் விற்கும் சிலிக்கன் கிண்ணங்களும் உண்டு. வசதியுள்ளவர்கள் வாங்கலாம். ஆனால் விரலால் அழுத்தினால் அப்படியே அமுங்கிப் போகும் மெத்தென்ற பஞ்சு உதவாது, ஏறி நின்றதும் உயரம் போய்விடும்.

வைத்ததும் ஒரு சிக்கல் வந்தது. பாடசாலை வெள்ளைச் சப்பாத்தின் பின்சுவர் உயரம் குறைந்தது. குதிக்கால் உயர்ந்ததும் அது சப்பாத்தை விட்டுக் கழன்று கழன்று வந்தது. ஆகவே புதிய சப்பாத்து வாங்கத்தான் வேண்டியிருந்தது, ரொறன்ரோவிலிருந்து அல்ல, கிளிநொச்சி நகரில். கடையில் பார்த்தது மூன்று விசயம். பின்சுவரைப் பெருவிரலால் அழுத்தினால் அது உள்ளே மடியக் கூடாது. குதிக்கால் அடி முன்பாத அடியைவிடத் தடிப்பாக இருக்க வேண்டும். சப்பாத்தை இரு முனையிலும் பிடித்து வளைத்தால் விரல்கள் மடியும் இடத்தில் வளைய வேண்டும், நடுவில் அல்ல. கட்டுவதற்கு நாடா இருந்தது. அந்த நாடாவை நாள்தோறும் அவிழ்த்துக் கட்ட வேண்டும். கட்டியபடியே காலைத் திணிக்கிற பழக்கம் புதுச் சப்பாத்தின் பின்சுவரை ஒரு மாதத்தில் தின்றுவிடும்.

அளவில்தான் தங்கையோடு வாக்குவாதம். “வளருற பிள்ளை அண்ணை, ரெண்டு சைஸ் கூட எடுத்தால் அடுத்த வருசமும் போடுவான்.” அவருடைய கணக்கு எனக்கு விளங்காததல்ல. ஆனால் பெரிய சப்பாத்துக்குள் குதிக்கால் மேலும் கீழும் வழுக்கும். சப்பாத்து கழராமல் இருக்கப் பிள்ளை விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டு ஓடும். கெண்டைக்கால் இன்னும் இறுகும். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் இருந்தால் போதும். அரசு அண்மைய ஆண்டுகளில் வசதி குறைந்த பாடசாலைகளின் பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்க வவுச்சர் வழங்கியிருக்கிறது. அதைக் கொண்டு வாங்கும்போதும் இந்த அளவு விசயத்தை யோசிக்கலாம்.

மாமாவின் குமிழ்ச் சப்பாத்தை வேண்டாம் என்று சொன்னேன். அது புல் முளைத்த மெத்தென்ற மைதானத்துக்குச் செய்தது. குமிழ் மண்ணில் புதைந்தால்தான் குதிக்கால் சரியாக அமரும். கண்டாவளை மண்ணில் அது புதையாது. குமிழின் தலையிலேயே பிள்ளை நிற்க வேண்டியிருக்கும். அந்தச் சப்பாத்துகளில் பல குதிக்காலைத் தாழ்வாகவும் வைத்திருக்கும். பெரியவர்கள் பரிசாக அனுப்பும் ஓட்ட ஆணிச் சப்பாத்துக்கும் இது பொருந்தும்.

வெறுங்காலைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிற பழக்கத்தை மாற்றச் சொல்ல எனக்கு எண்ணமில்லை. வீட்டுக்குள்ளும் கோயிலிலும் வெறுங்காலோடு நடந்தால் ஒன்றும் ஆகாது. நோவுள்ள கிழமைகளில் சீமெந்து நிலத்திலும் ஒழுங்கையிலும் வெறுங்காலோடு ஓடுவதும் பாய்வதும்தான் கூடாது. தட்டையான மெல்லிய செருப்பு வெறுங்காலைவிடப் பெரிதாக உதவாது.

அடுத்து ஓய்வு. ஓய்வு என்றதும் நம்மவர்கள் பாயை விரித்துவிடுவார்கள். தேவைப்படுவது படுக்கை அல்ல, இடியைக் குறைப்பது. முதல் இரண்டு கிழமைக்கு ஓட்டம், பாய்தல், அணிநடை மூன்றையும் நிறுத்தினோம். சைக்கிள் ஓடலாம் என்றோம். ஓடினான், அதில் இடி இல்லை. நடந்து போகும் இரண்டு கிலோமீற்றரும் சைக்கிளிலேயே ஆயிற்று. மூன்றாம் கிழமையில் ஒருநாள் விட்டு ஒருநாள் பதினைந்து நிமிடம் மெதுவோட்டம். நாலாம் கிழமையில் அதோடு நாலு வேக ஓட்டம். நீளம் பாய்தலைக் கடைசிக்கு விட்டோம். எவ்வளவு கூட்டலாம் என்பதற்கு அவனுக்கே ஓர் அளவுகோல் கொடுத்தோம். நோவே இல்லை என்றால் பூச்சியம், தாங்க முடியாதது பத்து. விளையாடும்போது இரண்டு மூன்றுக்குள் நின்று, மறுநாள் காலையில் போய்விட்டால் அடுத்த படிக்குப் போகலாம். அதற்கு மேல் ஏறினாலோ, விந்தத் தொடங்கினாலோ, அன்றைய விளையாட்டு அவ்வளவுதான், அடுத்த முறை ஒரு படி கீழே. பிள்ளைகள் இந்தக் கணக்கை நன்றாகப் பிடித்துக்கொள்வார்கள். துடுப்பாட்ட ஓட்டங்களைப் போல அவன் கொப்பியில் எழுதி வைத்திருந்தான்.

நோவு தணிந்தபின் கெண்டைக்காலை நீட்டும் பயிற்சியைச் சேர்த்தோம். சுவரில் இரு கைகளையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னே வைத்து, அந்தக் குதிக்கால் நிலத்தை விட்டு எழாமல் முன்னே சாய்வது. இருபது முப்பது செக்கன், மூன்று தடவை, முதலில் முழங்காலை நீட்டி, பிறகு சற்று மடித்து. நோவு கடுமையாக இருக்கும்போது இதைச் செய்யக் கூடாது. ஏற்கெனவே புண்பட்ட தகட்டை நாமே இழுப்பதாகிவிடும்.

எல்லாக் குதிக்கால் நோவும் இதுதான் என்று யாரும் இருந்துவிடக் கூடாது. இரவில் நித்திரையைக் கலைக்கும் நோவு, காய்ச்சல், வீக்கம், சிவப்பு, விளையாடாத நாட்களிலும் குறையாத நோவு, காலை நேரங்களில் நெடுநேரம் நீடிக்கும் விறைப்பு, ஒரே ஒரு பாய்ச்சலில் சடாரென வந்து காலே ஊன்ற முடியாத நோவு, இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் வைத்தியரிடம் போக வேண்டும். வயல் ஊர்களில் முள்ளும் ஆணியும் வேறு உண்டு. குத்திய இடம் மூடிவிட்டாலும் உள்ளே சீழ் வைத்து எலும்பு வரை போகலாம். ஏற்பு ஊசி விசயமும் இருக்கிறது. சில நாட்களுக்கு முன் காலில் ஏதாவது குத்தியதா என்று பிள்ளையிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அடிக்குப் பயந்து பலர் சொல்லாமல் விட்டிருப்பார்கள். இரண்டு மாதம் சரியாகச் சுமையைக் குறைத்தும் நோவு அசையாவிட்டால், அப்போதும் கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலை போன்ற இடத்தில் காட்டத்தான் வேண்டும்.

பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் கவனிக்கப்படாதது. அவர்களுக்கு வளர்ச்சி வேகம் முந்தி வருகிறது. எட்டு ஒன்பது வயதில் நோவு தொடங்கும்போது, வளரும் வயது இன்னும் வரவில்லையே என்று பெரியவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். “பொம்பிளைப் பிள்ளை ஓடாட்டில் என்ன” என்று அவளை அணியிலிருந்து எடுத்துவிடுவதும் நடக்கிறது. பையனுக்குச் சொன்ன நாலு கிழமைக் கணக்கு அவளுக்கும் அதேதான்.

விளையாட்டு ஆசிரியர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஒருவரே முந்நூறு பிள்ளைகளை மூன்று கிழமையில் தயார்படுத்த வேண்டிய நிலை அவர்களுடையது. என் சண்டை அந்த மூன்று கிழமையோடு. மழைக்காலம் முழுவதும் பிள்ளைகளை இருத்தி வைத்துவிட்டு, மண் இறுகும் நேரம் பார்த்து எல்லாவற்றையும் ஒரே கிழமையில் தொடங்குகிறோம். போட்டித் திகதி அதிபருக்கு முன்பே தெரியும். ஆறு கிழமைக்கு முன்பே, கிழமைக்கு இரண்டு நாள், மண்டபத்துக்குள்ளோ வராந்தாவிலோ மெதுவாகத் தொடங்கலாம். தரம் ஐந்திலிருந்து வந்த பிள்ளைகளை மற்றவர்களோடு ஒரே நாளில் ஓட விடாமல் இருக்கலாம். அணிநடைக்குக் கிழமையில் இரண்டு நாள் தாராளம், குதிக்காலை இடிக்கும் சத்தத்துக்குப் புள்ளி போடுவதை நடுவர்கள் நிறுத்தலாம். நோவுள்ள பிள்ளை ஒரு மாதத்துக்குக் கறுப்போ நீலமோ ஓட்டச் சப்பாத்தோடு வகுப்புக்கு வந்தால், வெள்ளை இல்லை என்று வாசலில் நிறுத்தாமல் விடலாம். இவற்றில் எதற்கும் பணம் தேவையில்லை.

நம் பையன் அந்த ஆண்டு இல்லப் போட்டியில் ஓடவில்லை. கொடி பிடித்துக்கொண்டு எல்லைக் கோட்டில் நின்றான். முகத்தில் சந்தோசம் இருந்தது என்று சொல்ல மாட்டேன். இரண்டாம் தவணையில் உதைபந்தாட்டம் தொடங்கி, ஒருநாள் மழைக்குப் பதில் கடும் வெயிலில் இரண்டு ஆட்டம் தொடர்ந்து விளையாடியபோது நோவு திரும்பவும் வந்தது. அவனே செருப்புத் துண்டுகளைத் தேடி எடுத்துச் சப்பாத்துக்குள் வைத்து, ஒன்பது நாள் சைக்கிள் ஓடிவிட்டு, பத்தாம் நாள் மெதுவோட்டத்துக்குப் போனான். கதவு நிலையில் புதுக் கோடு ஒன்று விழுந்திருக்கிறது, முந்தியதற்கு மூன்று சென்ரிமீற்றர் மேலே. அந்தக் கோடுகள் ஏறிக்கொண்டிருக்கும் வரை இன்னும் ஒன்றிரண்டு தடவை வரலாம் என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறோம்.